க்ரூப் கம்பெனிக்கு டெபுடேஷன் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், ஷூ கம்பெனிகளின் டைம் ஆபீஸில் 19 வருடம் இருந்தேன். இந்தப் பக்கத்தில் ஒரே முதலாளி குடும்பத்துக்கு சிப்காட்டில் ஒரு தோல் பதனிடும் ஆலை, மேல்விஷாரத்தில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட், ஆம்பூரில் ஷூ ஃபேக்டரி என்று மூன்று இருக்கும். வெளியே பார்த்தால் ஒரே கம்பெனி. காகிதத்தில் மூன்றும் தனித்தனிக் கம்பெனி. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை அனுப்புவார்கள். அப்படிப் போனவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

"டெபுடேஷன், டிரான்ஸ்பர் ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

இல்லை. டிரான்ஸ்பர் என்பது ஒரே கம்பெனிக்குள் இடம் மாறுவது. டெபுடேஷன் என்பது உங்கள் கம்பெனி உங்களை வேறொரு கம்பெனிக்குக் கொஞ்ச காலம் இரவல் தருவது. உங்கள் பெயர் பழைய கம்பெனியின் ரோலிலேயே இருக்கும், வேலை மட்டும் புது இடத்தில் நடக்கும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இங்கே கணக்கை முடித்துவிட்டு அங்கே புதிதாகச் சேர்வது. அதையும் வாய்வார்த்தையில் டெபுடேஷன் என்றே சொல்லி அனுப்புகிறார்கள். குழப்பமெல்லாம் அதில்தான் வருகிறது.

உங்களுடையது எது என்று தெரிய, போன மாதச் சம்பளச் சீட்டின் தலைப்பில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கேட்டில் மாட்டியிருக்கிற போர்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். க்ரூப்பின் பெயர் எல்லாக் கேட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"எனக்கு இஷ்டம் இல்லைன்னா அனுப்ப முடியுமா?"

வேறு கம்பெனிக்கு என்றால் உங்கள் சம்மதம் வேண்டும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியர் ஒருவரை மணிப்பூர் பல்கலைக்கழகத்தின் ஊழியராக மாற்றிய வழக்கில், ஒருவரை அவர் ஒப்புதல் இல்லாமல் இன்னொரு முதலாளிக்கு மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சொன்னது. ஒரே முதலாளி குடும்பம் என்பதால் இரண்டு கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகிவிடாது.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். "குழுமத்தின் எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம்" என்று ஒரு வரி பலருடைய உத்தரவில் இருக்கும். அந்தச் சம்மதத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டீர்கள் என்று கம்பெனி சொல்லும், அந்த வாதத்துக்கு எடை உண்டு. அப்படி ஒரு வரி இருந்தாலும் சம்பளத்தைக் குறைக்கவோ, பழைய சர்வீஸை அழிக்கவோ அது இடம் தராது.

"அங்கே போனதும் எந்தக் கம்பெனி ரூல் எனக்குப் பொருந்தும்?"

இரண்டும் பொருந்தும், ஆனால் ஒரே விஷயத்துக்கு இரண்டும் வராது. வேலை ஒப்பந்தத்தைச் சேர்ந்தவை, அதாவது சம்பளம், இன்கிரிமென்ட், சீனியாரிட்டி, கிராஜுவிட்டி, வேலையை விட்டு எடுக்கும் அதிகாரம் எல்லாம் உங்களை அனுப்பிய கம்பெனியிடம் இருக்கும். ஷாப் ஃப்ளோரைச் சேர்ந்தவை, அதாவது ஷிப்ட் நேரம், ஓ.டி. கணக்கு, மெஷின் பாதுகாப்பு, கேன்டீன், கழிப்பறை எல்லாம் நீங்கள் நிற்கிற ஃபேக்டரியின் பொறுப்பு. 2025 நவம்பர் 21 வரை இருந்த தொழிற்சாலைச் சட்டம் "தொழிலாளி" என்று சொன்னபோது யார் ரோலில் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே உற்பத்தி வேலை செய்கிறாரா என்று பார்த்தது. பொறுப்பை அந்த ஃபேக்டரியின் ஆக்குபையர் மீது, அதாவது ஃபேக்டரியின் முழுக் கட்டுப்பாடும் யாரிடமோ அவர் மீது வைத்தது. கம்பெனி என்றால் ஆக்குபையர் அதன் டைரக்டர்களில் ஒருவர்.

லீவு நாளிலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்களை ஒவ்வொரு நிறுவனமும் தனியாக முடிவு செய்கிறது. ஆம்பூர் யூனிட்டின் பட்டியலில் பக்ரீத் இருக்கும், ராணிப்பேட்டை பட்டியலில் அதற்குப் பதில் ஆயுத பூஜை இருக்கும். நீங்கள் வேலை செய்கிற இடத்துப் பட்டியல்தான் உங்களுக்கு. வருட நடுவில் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூடலாம், குறையலாம். போவதற்கு முன்பே இரண்டு பட்டியலையும் வாங்கிப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

"வருஷ லீவு கணக்கு என்ன ஆகும்?"

இதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. சம்பளத்தோடு கூடிய வருட விடுப்புக்கு ஒரு ஃபேக்டரியில் ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டம். அதன் இடத்தில் வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாள். ஜூன் கடைசியில் டெபுடேஷன் போனவருக்கு இங்கே 140 நாள், அங்கே 145 நாள் என்று வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு இடத்திலும் எட்டாது. டெபுடேஷன் கடிதத்தில் "அங்கு செய்த நாட்கள் இங்கு செய்ததாகவே சேர்க்கப்படும்" என்று ஒரு வரி இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

"காலையில இங்க ஷிப்ட், சாயங்காலம் அங்க ரெண்டு மணி நேரம் போயிட்டு வரச் சொல்றாங்க. போகலாமா?"

போகக்கூடாது. ஒரே நாளில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தவரை இன்னொரு ஃபேக்டரியில் வேலை செய்யவிடக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொன்னது. புதிய தொகுப்பிலும் இதே கருத்தில் தடை இருக்கிறது. இது உங்கள் நன்மைக்குத்தான். இங்கே எட்டு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் என்று பிரித்துவிட்டால் எந்த ரெஜிஸ்டரிலும் ஓ.டி. தெரியாது, இரட்டைச் சம்பளமும் வராது. அங்கே அடிபட்டால் அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்ததற்கே சான்று இருக்காது.

"பி.எப்., இ.எஸ்.ஐ. ரெண்டு இடத்துலயும் பிடிப்பாங்களா?"

ஒரு இடத்தில்தான் பிடிக்க வேண்டும். நிஜமான டெபுடேஷனில் பழைய கம்பெனியே பி.எப். கட்டும், மெம்பர் ஐ.டி. மாறாது. சில இடங்களில் புதுக் கம்பெனியின் டைம் ஆபீஸ் விஷயம் தெரியாமல் உங்கள் யூ.ஏ.என்.-இல் புதிதாக ஒரு மெம்பர் ஐ.டி. போட்டுவிடும். பழையதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தேதிகளில் இரண்டு சர்வீஸ் என்று கணினியில் ஏறிவிட்டால், பின்னால் பணம் எடுக்கும்போதோ மாற்றும்போதோ விளக்கம் கேட்டு விண்ணப்பம் இழுக்கலாம். மாதம் ஒரு முறை பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் இது முதல் மாதமே தெரிந்துவிடும்.

இ.எஸ்.ஐ.-யில் சட்டமே இரவல் ஆளைப் பற்றித் தனியாகப் பேசியது. தற்காலிகமாக இரவல் தரப்பட்டவர், வேலை செய்கிற இடத்தின் ஊழியராகவே கணக்கு. அந்த இடம் "பிரதான முதலாளி", அனுப்பியவர் "நேரடி முதலாளி". சந்தாவுக்கு முதல் பொறுப்பு பிரதான முதலாளிக்கு, அவர் அதை அனுப்பியவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். நடைமுறையில் அனுப்பிய கம்பெனியே தன் இ.எஸ்.ஐ. கோட் நம்பரில் கட்டிவிடும். யாராவது ஒருவர் கட்டியிருந்தால் போதும். ஆனால் பழைய இடம் "அவர் அங்கே போய்விட்டார்" என்று நிறுத்திவிட, புது இடம் "நம் ரோலில் இல்லை" என்று விட்டுவிடுகிற மாதங்களும் உண்டு. அந்த மாதத்தில்தான் பிரச்சினை வரும்.

"அங்கே அடிபட்டா யார் பொறுப்பு?"

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேல்பாகம் தைக்கும் யூனிட்டிலிருந்து ஒரு கட்டிங் ஆபரேட்டரை ஆறு மாதத்துக்கு ஷூ ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். மூன்றாவது மாதம் கிளிக்கிங் பிரஸ்ஸில் உள்ளங்கை நசுங்கியது. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்க வேண்டும். வேகத்துக்காக யாரோ ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். தனியார் நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டு, லீவு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "நம் மஸ்டரில் பெயர் இல்லை" என்றது அந்த இடம். "நம் இடத்தில் நடக்கவில்லை" என்றது இந்த இடம். ஒன்பது நாள் விபத்து அறிக்கையே போகவில்லை.

பதில் சிக்கலானது இல்லை. இன்ஷூர் ஆனவர் வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டால் அது வேலைக் காயம். எந்தக் கம்பெனியின் கூரைக்குக் கீழே நடந்தது என்பதால் அந்த உரிமை போகாது. விபத்து நடந்த ஃபேக்டரியின் விபத்துப் புத்தகத்தில் பதிவு போட வைத்தோம். யாருடைய கோட் நம்பரில் சந்தா போகிறதோ அந்தக் கம்பெனி, விபத்து நடந்த இடத்தின் முகவரியைப் போட்டு இ.எஸ்.ஐ.-க்கு அறிக்கை அனுப்பியது. லீவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம், ஏனென்றால் சொந்த விடுப்பில் இருந்தார் என்று காகிதம் இருந்தால் அதுவே எதிராக நிற்கும். டாக்டர் கொடுத்த ஓய்வு 45 நாள். தற்காலிக ஊனப் பலன் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம். தினம் 600 என்று வைத்தால் 540 ரூபாய், 45 நாளுக்கு 24,300 ரூபாய். அந்த டேப் ஒட்டிய பட்டனுக்கான பொறுப்பு ஷூ ஃபேக்டரியின் ஆக்குபையருக்கு. அதை அனுப்பிய கம்பெனி மேல் தள்ள முடியாது.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்களால் முடியாவிட்டால் கூட வேலை செய்கிறவர் விபத்துப் புத்தகத்தில் பதிவு போட்டார்களா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். நேரம், மெஷின், பார்த்தவர் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

"எனக்கு சம்பளம் 26,000. இ.எஸ்.ஐ. கிடையாது. அப்போ?"

21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிற சூப்பர்வைசர், க்யூ.சி. ஆட்கள்தான் டெபுடேஷனில் அதிகம் போகிறார்கள், மாட்டிக்கொள்வதும் அவர்கள்தான். இங்கே நஷ்ட ஈட்டை முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டும். எந்த முதலாளி? 1923-ஆம் வருட நஷ்ட ஈட்டுச் சட்டம் தெளிவாகவே சொன்னது: ஒருவரைத் தற்காலிகமாக இரவல் கொடுத்திருந்தால், அவர் அங்கே வேலை செய்கிற வரை, இரவல் வாங்கியவரே முதலாளி. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், ஃபேக்டரி என்றால் முதலாளி என்பது அதன் ஆக்குபையர்தான்.

தொகை எவ்வளவு வரும் என்பதற்கு, 2023-இல் நடந்ததாக ஒரு கணக்கு. வயது 40, ஆள்காட்டி விரல் முழுவதும் போய்விட்டது. சம்பளம் 26,000 என்றாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்கு அட்டவணை எண் 184.17, பெருக்கினால் 16,57,530 ரூபாய். ஆள்காட்டி விரலுக்கு இழப்பு 14 சதவீதம் என்று அட்டவணை சொல்கிறது. ஆக 2,32,054 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும்.

சிக்கல் இன்ஷூரன்ஸில் வரும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரில், தன் ஆட்களின் சம்பளத்தைச் சொல்லி பாலிசி எடுத்திருக்கும். இரவல் வாங்கிய இடத்தின் பாலிசியில் உங்கள் சம்பளம் சேர்ந்திருக்காது. அனுப்பிய இடத்தின் பாலிசி இருந்தாலும், "எங்கள் கஸ்டமருக்கே பொறுப்பு இல்லை" என்று இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். அப்புறம் பணம் கம்பெனியின் கல்லாவிலிருந்துதான் வர வேண்டும், இழுத்தடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். இந்தச் சம்பள அளவில் இருக்கிறவர்கள் கிளம்பும் முன்பே, புது இடத்தின் பாலிசியில் தங்களைச் சேர்த்த எண்டார்ஸ்மென்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

"கம்பெனி பஸ்ஸில ஆம்பூர் போற வழியில ஆக்ஸிடென்ட் ஆனா?"

வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழியில் நடக்கும் விபத்தை, வேலைக்கும் அதற்கும் நேரம், இடம், சூழ்நிலைத் தொடர்பு இருந்தால், வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்த்தார்கள். டெபுடேஷனில் இருப்பவருக்கு வேலை இடம் என்பது புது ஃபேக்டரி. டெபுடேஷன் கடிதமே இல்லாமல் வாய்வார்த்தையில் போகிறவருக்கு, அன்று வாலாஜாவிலிருந்து ஆம்பூர் ரோட்டில் ஏன் இருந்தார் என்று நிரூபிப்பதே பாடாகிவிடும்.

"அங்க இருக்கிற மேனேஜர் நாளையிலிருந்து வராதேன்னு சொல்லிட்டார். வேலை போயிடுச்சா?"

போகவில்லை. அவர் உங்களைத் திருப்பி அனுப்பலாம், தப்பு நடந்ததாக அறிக்கை எழுதலாம். வேலையை விட்டு எடுப்பது உங்களை வேலைக்கு வைத்த கம்பெனியின் அதிகாரம், அதற்கும் விசாரணை வேண்டும். மறுநாள் காலை ஷிப்ட் நேரத்துக்குப் பழைய ஃபேக்டரியின் கேட்டில் போய் நில்லுங்கள். உள்ளே விடவில்லை என்றால் அன்றே எழுத்தில் கொடுங்கள், பதிவுத் தபாலில் ஒரு நகலும் அனுப்புங்கள். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் பத்து நாள் கழித்து "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று கடிதம் வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. புது இடம் பிடித்துப்போனாலும் அங்கேயே இருக்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது. டெபுடேஷனில் போனவரை அவருடைய சொந்த நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் அரசு ஊழியர் வழக்கு ஒன்றில் சொன்னது. மூன்று வருடம் அங்கே இருந்தேன், அங்கே பர்மனென்ட் தானே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

"அங்க சூப்பர்வைசர் தப்பா நடந்துக்கிறார். என் கம்பெனி வேற, அவர் கம்பெனி வேற. எங்க புகார் கொடுக்கிறது?"

தையல் லைனில் பெண்கள்தான் அதிகம், இந்தக் கேள்வியை மெதுவான குரலில் பலர் கேட்டிருக்கிறார்கள். 2013 சட்டப்படி புகார் கொடுக்கிற பெண் அந்தக் கம்பெனியின் ரோலில் இருக்க வேண்டும் என்பது இல்லை. சம்பவம் நடந்த ஃபேக்டரியின் உள் புகார்க் குழுவிடம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நகலை உங்கள் சொந்தக் கம்பெனியின் குழுவுக்கும் கொடுங்கள். உங்களை அங்கிருந்து திருப்பி அழைத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. புகார் கொடுத்ததற்காகச் சம்பளமோ வேலையோ குறையக் கூடாது.

"ராஜினாமா எழுதிக் கொடுங்க, சும்மா ஃபார்மாலிட்டி, அங்கே புதுசா ஆர்டர் தருவாங்கன்னு சொல்றாங்க."

எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகை இதுதான். ராஜினாமா எழுதினால் டெபுடேஷன் என்பதே இல்லாமல் போகிறது.

கிராஜுவிட்டிக் கணக்கைப் பாருங்கள். இங்கே 4 வருடம், அங்கே 3 வருடம். சம்பளம் 15,600. டெபுடேஷனாக இருந்தால் சர்வீஸ் தொடர்ச்சியாக 7 வருடம். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600, அதை 15-ஆல் பெருக்கினால் 9,000, ஏழு வருடத்துக்கு 63,000 ரூபாய். ராஜினாமா எழுதியிருந்தால் இரண்டு கம்பெனியிலும் ஐந்து வருடம் முடியவில்லை, கையில் ஒன்றும் வராது. ஒரு அம்மா இப்படித்தான் கணக்கு முடிக்க வந்தார். பழைய ராஜினாமாக் கடிதத்தை ஃபைலில் காட்டினார்கள். அது தன் கையெழுத்துதான், ஆனால் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குப் படிக்கவில்லை என்றார்.

நிஜமாகவே கம்பெனி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதை இரண்டு கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திடுகிற முத்தரப்பு ஒப்பந்தமாகச் செய்யச் சொல்லுங்கள். பழைய சர்வீஸ், கிராஜுவிட்டி, லீவு எல்லாவற்றையும் புதுக் கம்பெனி ஏற்கிறது என்று அதில் தேதியோடு இருக்க வேண்டும்.

"ரெண்டு கம்பெனியும் பொறுப்பு இல்லைன்னு கைவிரிச்சா, உண்மையான முதலாளி யாருன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?"

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். தினமும் வேலை சொல்வது யார் என்பது ஒன்று. சம்பளம் யாருடைய விதிப்படி, முடிந்ததும் எங்கே திரும்பிப் போவார், வேலையை விட்டு எடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பவை மற்றவை. வெளிநாட்டுக் க்ரூப் கம்பெனி தன் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. அன்றாடக் கட்டுப்பாடு இந்தியக் கம்பெனியிடம் இருந்தும், காலம் முடிந்ததும் திரும்பிப் போகிற இடமான வெளிநாட்டுக் கம்பெனியே அவர்களின் முதலாளி என்றது. அது சேவை வரி வழக்கு, ஆனாலும் பார்க்கிற முறை உதவும்.

நீங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி வேறொருவருக்கு அடிபட்டால் கேள்வி வேறு. அந்த நேரத்தில் உங்களைக் கட்டுப்படுத்தியது யார் என்பதுதான் அங்கே முக்கியம். டிரைவரோடு வாடகைக்கு எடுத்த பஸ் விபத்தில், பஸ்ஸை எடுத்து ஓட்டிய ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகமே பொறுப்பு என்று 1997-இல் தீர்ப்பு வந்தது.

"திரும்பி வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்?"

இரவல் போன இடத்தின் லெட்டர்ஹெட்டில் ரிலீவிங் கடிதம். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை நாள் வேலை, எத்தனை மணி ஓ.டி., எடுத்த லீவு எவ்வளவு என்று இருக்க வேண்டும். ஓ.டி. பாக்கி இருந்தால் கிளம்பும் முன்பே கேளுங்கள், அவர்கள் டைம் கார்டுதான் அதற்குச் சான்று, ஆறு மாதம் கழித்து அது கிடைக்காது. அந்தக் கடிதத்தைப் பழைய டைம் ஆபீஸில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, நியமன உத்தரவு இருக்கிற அதே கவரில் வையுங்கள்.